முகூர்த்தத்துக்குத் தாமதமாக வந்த ஐயருக்கு ஒரு செய்தி: கிரகப்பிரவேச நிகழ்வு ஆய்வு

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு புது வீடு. ஆவணி மாதம், வளர்பிறை பஞ்சமி, வியாழக்கிழமை. முகூர்த்தம் காலை 4.30 முதல் 6.00 வரை. பூஜைக்குப் பேசியிருந்த ஐயர் உதவியாளருடன் 3.45-க்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வந்து சேர்ந்தது 5.35. வீட்டுக்காரர் என் தங்கையின் கணவர், எனக்கு மாப்பிள்ளை முறை. மூன்றாம் நாள் அவர் ஐயருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தி எப்படி உருவானது, ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி அமைந்தது, அதற்கு என்ன பதில் வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அங்கேயே யாராவது சத்தம் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால், "பூஜை பண்ண வந்தவரை ஒண்ணும் சொல்லக்கூடாது" என்று வாயை மூடிக்கொண்டு, அப்புறம் ஊர் முழுக்கப் பேசுவார்கள். சம்பந்தப்பட்ட ஐயரிடம் மட்டும் விஷயம் போய்ச் சேராது.

முதலில் அந்த ஒரு மணி ஐம்பது நிமிஷத் தாமதம் எதைக் கெடுத்தது என்று பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் ஐயர் அரை மணி தாமதமானால் நலங்கு, சீர் என்று வேறு வேலையை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம். விடிகாலைக் கிரகப்பிரவேசத்தில் அது முடியாது. வியாழக்கிழமை எமகண்டம் காலை 6.00 முதல் 7.30 வரை. அதனால் முகூர்த்தத்தின் பின்பக்கக் கதவு 6 மணிக்குச் சாத்திவிடும். அதே முகூர்த்தம் வெள்ளிக்கிழமை வந்திருந்தால் ராகு காலம் 10.30-க்குத்தான், எமகண்டம் சாயங்காலம் 3 மணிக்குத்தான். கொஞ்சம் நழுவினாலும் பெரியவர்கள் மனம் ஒப்பியிருக்கும்.

இந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் என்னென்ன அடங்க வேண்டும்? ஐயர் முன்னதாகவே வந்து செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, ஹோம குண்டம் அமைக்க வேண்டும். கலசச் சொம்புக்கு நூல் சுற்றி, மாவிலை, தேங்காய் வைக்க வேண்டும். இதற்கே முக்கால் மணி நேரம் ஆகும், 3.45 என்று பேசியது இதற்காகத்தான். அப்புறம் வாசலில் கோ பூஜை. பசுவும் கன்றும் முன்னே போக, நிறைகுடம், சாமி படம், உப்பு, மஞ்சளோடு வீட்டுக்காரர்கள் வலது காலை வைத்து உள்ளே போக வேண்டும். பிறகு மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்துப் பூஜை, புண்ணியாகவாசனம், ஹோமம், பால் காய்ச்சுவது. எங்களுக்குப் பேசியிருந்தது கணபதி, நவக்கிரக, லட்சுமி ஹோமங்கள் மூன்றும். ஹோமத்தில் பின்பகுதி 6 மணியைத் தாண்டினாலும் பாதகமில்லை, குடிபுகுவதும் பால் பொங்குவதும் 6-க்குள் முடிந்துவிட வேண்டும் என்று ஐயரே முதல் நாள் சொல்லியிருந்தார்.

அன்று நடந்தது இதுதான். 4.10-க்கு மாப்பிள்ளை கூப்பிட்டார், எடுக்கவில்லை. 4.25-க்கு எடுத்தார். "கிளம்பிட்டேன் தம்பி, பத்து நிமிஷம்" என்றார். 5.00 மணிக்கு மறுபடியும், "வந்துட்டே இருக்கேன், பத்தே நிமிஷம்." கவுந்தப்பாடியிலிருந்து கிளம்பினால் எங்கள் வீட்டுக்கு எப்படியும் அரை மணி நேரம் ஆகும். அவர் அப்போது கவுந்தப்பாடியில் இன்னொரு வீட்டின் ஹோமத்தில் இருந்திருக்கிறார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதற்கு நடுவில் மாட்டுக்காரர் ஒரு பக்கம் தவித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் அவர். நாலு மணிக்கே பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். திரும்பிப் போய்க் கறந்து, சொசைட்டி மூடுவதற்குள் பால் ஊற்றியாக வேண்டும். அவருக்கு இந்த ஒரு மாடு மட்டுமில்லை, கட்டுத்தரையில் இன்னும் மாடுகள் நிற்கின்றன. "இன்னும் பத்து நிமிஷம் இருங்கண்ணா" என்று மாப்பிள்ளை இரண்டு முறை நிறுத்தினார். 5.15-க்கு மேல் அவரால் முடியவில்லை. "கோவிச்சுக்காதீங்க, நேரமாச்சுங்க" என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஐயர் 5.35-க்கு வந்தார். பசு இல்லாததைப் பார்த்து, "பரவாயில்லை, மனசுல நினைச்சுக்கலாம்" என்று நிறைகுடத்தோடு 5.45-க்கு எங்களை உள்ளே அழைத்துப் போனார். 5.55-க்குப் பால் பொங்கியது. அதன்பிறகுதான் குண்டமே கட்டினார். மூன்று ஹோமமும் ஒரே குண்டத்தில் சேர்த்து, முக்கால் மணி நேரத்தில் பூர்ணாகுதி. பட்டியலில் நவக்கிரக ஹோமம் தனியாக இருந்தது. ஒன்பது கிரகத்துக்கும் தனித்தனியாகச் சமித்து, தானியம், துணி எல்லாம் அவர் சொன்னபடி நாங்கள் வாங்கி வைத்திருந்தோம். துணி ஒன்பதும் மடித்தது மடித்தபடியே இருந்தது. நேரமாகிவிட்டது, பந்தியில் இலை போட்டாகிவிட்டது.

மொத்தம் 15,000 ரூபாய் பேசி, 5,000 முன்பணம் கொடுத்திருந்தார்கள். மீதி 10,000-த்தையும் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தார் மாப்பிள்ளை. அதில் குறைத்துக் கொடுக்கலாம் என்று உறவில் ஒருவர் காதைக் கடித்தார். குறைத்துக் கொடுத்திருந்தால் நல்லதாயிருக்கும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள், என் கருத்து வேறு. புது வீட்டில், விருந்தாளிகள் முன்னால், தட்டில் வைத்த தட்சிணையில் பேரம் பேசினால் குறை சொல்லும் இடத்தில் நிற்பது ஐயர் அல்ல, வீட்டுக்காரர். முழுதாகக் கொடுத்ததால்தான் மூன்றாம் நாள் எழுதிய செய்தியில் பணப் பேச்சின் வாடையே இல்லாமல் இருக்க முடிந்தது.

அன்று ராத்திரியே மாப்பிள்ளை ஒரு செய்தி தட்டிவிட்டார். நல்ல வேளை, அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டினார்:

"சாமி நீங்க பண்ணது சுத்தமா சரியில்ல. காசுக்கு ஆசைப்பட்டு ரெண்டு வீடு ஒத்துக்கிட்டு எங்க முகூர்த்தத்தைக் கெடுத்துட்டீங்க. நாளைக்கு இந்த வீட்ல ஏதாவது ஒண்ணு நடந்தா அதுக்கு நீங்கதான் பொறுப்பு. இனி இந்தப் பக்கம் யாரும் உங்களைக் கூப்பிடாம நான் பாத்துக்கிறேன்."

கோபம் நியாயமானது. ஆனால் இதில் ஐயர் பதில் சொல்லக்கூடிய வரி ஒன்றுகூட இல்லை. எத்தனை மணிக்கு வந்தார், எது விட்டுப்போனது, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று எதுவும் இல்லை. "காசுக்கு ஆசைப்பட்டு" என்பது அவர் மனதைப் பற்றிய ஊகம். அதை அவர் மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "ஏதாவது ஒண்ணு நடந்தா" என்ற வரிதான் இதில் மிக மோசம். இப்படி ஒன்றை எழுதி அனுப்பிவிட்டால், அது ஐயரைவிட அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களைத்தான் துரத்தும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த வியாழக்கிழமைதான் ஞாபகம் வரும். தங்கச்சி இந்த வரியைப் படித்ததும் "அண்ணா, அதை மட்டுமாவது எடுக்கச் சொல்லு" என்றாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா, அதாவது எங்கள் அத்தை, தான் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னார்: "சாமி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. கொஞ்சம் நேரமாயிருச்சு, அது ஒண்ணும் பரவாயில்லைங்க. உங்க ஆசீர்வாதம் வேணுங்க." இதை அனுப்பியிருந்தால் ஐயர் கும்பிடு போட்ட கைப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு மறந்திருப்பார். தப்பேயில்லை, அவருக்கு நன்றிச் செய்திதானே வந்திருக்கிறது! இதில் மரியாதை நிறைய இருக்கிறது, விஷயம்தான் இல்லை.

சனிக்கிழமை காலை உட்கார்ந்து மூன்றாவதாக ஒன்று எழுதினோம். அனுப்பியது இது:

"வணக்கம் சாமி. புதன்கிழமை சாயங்காலம் வாஸ்து சாந்திக்கு நேரத்துக்கு வந்து, ஒவ்வொன்றும் எதற்காக என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் செய்தீங்க. அம்மா இன்னும் அதைப் பேசிக்கொண்டு இருக்காங்க.

வியாழக்கிழமை காலை நடந்ததில் எங்களுக்கு மனக்குறை இருக்குதுங்க. அதை உங்களிடமே சொல்லிவிடுவது நல்லது என்று எழுதுகிறேன். 3.45-க்கு வருவதாகப் பேசியிருந்தோம். நீங்க வந்தது 5.35. நடுவில் 4.25-க்கும் 5.00-க்கும் பேசினபோது பத்து நிமிஷத்தில் வந்துவிடுவதாகச் சொன்னீங்க. அதை நம்பி மாட்டுக்காரரை நிறுத்தி வைத்தோம். அவர் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டியிருந்ததால் 5.15-க்குப் பசுவை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கோ பூஜை நடக்கவில்லை. நவக்கிரக ஹோமமும் பேசினபடி தனியாக நடக்கவில்லை.

வந்ததும் 6 மணிக்கு முன்னால் எங்களை உள்ளே அழைத்துப் போய்ப் பால் காய்ச்ச வைத்தீங்க, அதற்கு நன்றிங்க. சாஸ்திரத்தில் எது சரி, எதைச் சுருக்கலாம் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதை நாங்க கேட்கவில்லை. வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று 4.25-க்கே சொல்லியிருந்தால், பெரியவங்களை வைத்துப் பசுவோடு நாங்களே முதலில் வீட்டுக்குள் போயிருப்போம். அந்த வாய்ப்பு போய்விட்டதுதான் எங்களுக்கு வருத்தம்.

விட்டுப்போன கோ பூஜையையும் நவக்கிரக ஹோமத்தையும் இந்த வளர்பிறைக்குள் ஒரு நாள் வந்து செய்து கொடுங்க சாமி. நீங்க சொன்ன சாமான் எல்லாம் அப்படியே வைத்திருக்கோம், மேற்கொண்டு ஏதாவது வேண்டுமானாலும் வாங்கிவிடுகிறோம். தட்சிணை அன்றைக்குக் கொடுத்ததிலேயே சேர்ந்ததாக இருக்கட்டும்ங்க. எந்த நாள் தோதுப்படும் என்று திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்க. வணக்கம்."

முதல் பத்தி பாராட்டு மாதிரித் தெரியும். அது நடந்த உண்மை, அதனால்தான் அங்கே இருக்கிறது. முதல் நாள் வாஸ்து சாந்தியை அவர் நன்றாகவே செய்தார். அது நடந்திருக்காவிட்டால் அந்தப் பத்தியே இருந்திருக்கக் கூடாது. "தங்கள் பணி மகத்தானது" என்று பொதுவாக எதையாவது போட்டிருந்தால், அடுத்து வரப்போவதற்குத் தடவிக் கொடுக்கிறார்கள் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். இன்னொரு உபயோகமும் இதற்கு உண்டு. புதன்கிழமை நேரத்துக்கு வர முடிந்தவர் என்பது இதிலேயே பதிவாகிவிடுகிறது.

இரண்டாவது பத்தியில் மாப்பிள்ளை "தாமதமா வந்து எங்களை அவமானப்படுத்திட்டீங்க" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். 3.45, 5.35 என்று படிக்கிறவருக்குக் கழித்துப் பார்க்கத் தெரியும். கைப்பேசி அழைப்பு நேரத்தைச் சேர்த்ததும் அப்படித்தான். "பொய் சொன்னீங்க" என்று எழுதினால் அது வசை. 4.25-க்கும் 5.00-க்கும் ஒரே பத்து நிமிஷத்தைச் சொன்னீர்கள் என்று எழுதினால் அது தகவல். அவருடைய கைப்பேசியிலும் அதே நேரம் இருக்கும், மறுக்க வழியில்லை.

பந்தி தாமதமானது, சர்க்கரை நோய்க்காரர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தது, சமையல்காரர் முணுமுணுத்தது எல்லாவற்றையும் எழுத மாப்பிள்ளைக்கு ஆசை. எல்லாம் உண்மைதான். ஆனால் பத்துக் குறையை அடுக்கினால், அதில் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிவிடலாம். "பந்திக்கு நான் என்ன பண்ணுவேன் தம்பி" என்று ஒரு வார்த்தை போதும். பசு போன கதைக்கு அப்படி ஒரு பதில் கிடையாது. அவர் சொன்ன பத்து நிமிஷத்துக்கும் பசு போனதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

மூன்றாவது பத்திதான் எழுதக் கஷ்டமாக இருந்தது. சுருக்கிச் செய்த ஹோமம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வி எங்கள் எல்லாருக்கும் நாக்கு நுனியில் நின்றது. அதைத் தொட்டால் விவாதம் அவருடைய மைதானத்துக்குப் போய்விடும். சுலோகம் ஒன்று சொல்லி, இப்படியும் செய்யலாம் என்று முடித்துவிடுவார், நமக்கு அதில் பதில் சொல்லத் தெரியாது. அதனால் சாஸ்திரத்தை அவரிடமே விட்டுவிட்டு, நேரத்தையும் வாக்கையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டோம். ஒருவருடைய கல்வியைக் கேள்வி கேட்காமல் அவருடைய நடத்தையைக் கேள்வி கேட்பது என்றால் இதுதான். மரியாதை முழுக்க அங்கேதான் இருக்கிறது, "ங்க" போடுவதில் இல்லை. "ங்க" போட்டே திட்டுவதற்கு எங்கள் ஊரில் ஆள் நிறைய உண்டு.

கடைசிப் பத்தியில் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் வேலையைக் கேட்டோம். பேசியதில் எது நடக்கவில்லையோ அதைச் செய்து தரச் சொல்வது யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை. நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு, கெடு எங்களுடையது.

இந்தச் செய்தியைத் தெரிந்தவர் எவருக்கும் மாப்பிள்ளை அனுப்பவில்லை. ஐயரை அறிமுகப்படுத்தியது வீடு கட்டிய மேஸ்திரி. அவருக்கும் ஒரு பிரதி அனுப்பலாமா என்ற பேச்சு வந்தது. அனுப்பினால் ஐயர் முதலில் மேஸ்திரியிடம்தான் தன் பக்கத்தைச் சொல்வார், எங்களுக்குப் பதில் மூன்று கை மாறி வரும். குரல் பதிவாக அனுப்பும் யோசனையையும் விட்டுவிட்டோம். குரலில் கோபம் ஒளியாது. தவிர, அவர் அதை வேறொரு வீட்டுப் பூஜையில் உட்கார்ந்துகொண்டு திறந்தால் நாலு பேர் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐயரே கூப்பிட்டார். மறுத்துப் பேசவில்லை. அன்று கவுந்தப்பாடியில் 3 மணிக்கு ஒரு வீட்டை ஒத்துக்கொண்டதாகவும், அங்கே வீட்டுக்காரர்கள் குளித்து வரவே நேரமாகிவிட்டதாகவும் சொன்னார். "கிளம்பிட்டேன்னு சொன்னது தப்புதான் தம்பி. அங்க பாதியில எந்திரிக்க முடியலை, உங்ககிட்ட உண்மையைச் சொல்லவும் வாய் வரலை" என்றார்.

அவர் ஒருவருடைய பழக்கம் என்று மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் பெரும்பாலும் யாரும் குடிபோவதில்லை. மீதமுள்ள மாதங்களிலும் தேய்பிறை, அஷ்டமி, நவமி, கரிநாள், செவ்வாய், சனி என்று கழித்தால் கையில் நிற்பது சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களிலும் எல்லாரும் கேட்பது அதே 4.30 முதல் 6 வரை. ஆவணியில் ஒரு நல்ல விடிகாலைக்கு ஒரே ஐயரிடம் மூன்று, நான்கு வீட்டுக்காரர்கள் கேட்பது சாதாரணம். இரண்டு வீட்டை ஒத்துக்கொள்வதுகூடக் குற்றமில்லை, இன்னொரு சாஸ்திரிகளை ஏற்பாடு செய்து வைத்திருந்தால். அவர் அதைச் செய்யவில்லை. இந்தக் காரணத்தை முதலிலேயே ஊகித்துச் செய்தியில் எழுதியிருந்தால் குற்றச்சாட்டு ஆகியிருக்கும். எழுதாமல் விட்டதால் அவரே சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை வருவதாக ஒத்துக்கொண்டார். 7 மணிக்குத்தான் ஆரம்பம். அதற்குள் மாட்டுக்காரர் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு நிதானமாக வந்துவிட்டார். ஐயர் 6.30-க்கே உதவியாளரோடு வந்து குண்டம் கட்டினார். கோ பூஜைக்கு அப்புறம் நவக்கிரக ஹோமம் மட்டும் ஒன்றரை மணி நேரம் நடந்தது. ஒன்பது துணியும் அவரவர் கிரகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கிளம்பும்போது அத்தை தட்டில் ஐநூறு ரூபாய் வைத்தார், ஐயர் எடுத்துக்கொள்ள மறுத்தார். வேட்டி துண்டு மட்டும் வாங்கிக்கொண்டார்.

எல்லா இடத்திலும் இந்தச் செய்தி இப்படியே பொருந்தாது. வழியில் வண்டி கவிழ்ந்தோ, வீட்டில் துக்கம் நடந்தோ ஒருவர் தாமதமாகியிருந்தால் முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஆளே வராமல் போய், பணமும் திரும்பாவிட்டால் இந்த மென்மையும் தேவையில்லை. கொடுத்த முன்பணத்தை எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று நேராகக் கேட்டுவிடலாம். வாரக்கணக்கில் கழித்து எழுதினால், விட்டுப்போனதைச் செய்து கொடுங்கள் என்று கேட்கும் வழி அடைபட்டு, வெறும் புலம்பலாகத்தான் நிற்கும்.

கார்த்திகையில் பக்கத்து மனைக்காரர் குடிபோகிறார். அதே ஐயர் எண்ணை மாப்பிள்ளையிடம் கேட்டார். மாப்பிள்ளை கொடுத்தார். "பூஜை நல்லாப் பண்ணுவாருங்க. ஆனா அன்னிக்குக் காலைல உங்களுக்கு முன்னாடி வேற வீடு இருக்குதான்னு அட்வான்ஸ் குடுக்கறப்பவே கேட்டுக்குங்க" என்றார்.